பூச்சிக்கொல்லியை வெல்லும் பூச்சிகள்

கரப்பான் பூச்சிக்கும் கொசுவுக்கும் மருந்து வாங்கும் வீடுகளில் பொதுவாகச் சொல்லப்படும் குறை ஒன்று உண்டு. முதலில் வாங்கியபோது ஒரே இரவில் பலன் தெரிந்தது; ஓரிரண்டு ஆண்டுகள் சென்றபின் அதே மருந்தை இரு மடங்கு அடித்தும் பூச்சி சாகவில்லை என்பதே அது. கலப்படம் என்பார் சிலர். பூச்சி மருந்துக்குப் பழகிவிட்டது என்பார் வேறு சிலர். கடைக்காரரோ வேறொரு நிறத்து டப்பாவை எடுத்துக் கொடுப்பார். கலப்படமும் காலம் கடந்த சரக்கும் நாட்டில் இல்லாமலில்லை. ஆயினும் உண்மையான காரணம் பல இடங்களில் வேறு. அதை அறிந்துகொண்டால் வேறு டப்பா வாங்குவதால் ஏன் பயன் விளைவதில்லை என்பதும் விளங்கும்.

பூச்சி பழகிவிட்டது என்ற சொல் சரியானதன்று. தனி ஒரு கரப்பு நாள்தோறும் சிறிது சிறிதாக நஞ்சு உண்டு உரம் பெறுவதில்லை; மாறுவது அதன் வம்சமே. கணக்குக்காக ஒரு சமையலறையில் 1000 கரப்புகள் இருப்பதாகக் கொள்வோம். அவற்றுள் 5 கரப்புகளுக்கு மட்டும், நாம் அடிக்கும் நஞ்சைத் தாங்கும் தன்மை பிறவியிலேயே அமைந்திருக்கிறது. மருந்து அடித்தவுடன் மற்ற 995-ம் மடிகின்றன. வீடு சுத்தமாகிவிட்டது என்று நாம் மகிழ்கிறோம். ஆனால் எஞ்சிய ஐந்துக்கும் இப்போது இரைக்கோ இடத்துக்கோ போட்டியில்லை. சமையலறையில் திரியும் சிறு கரப்பில், பெண் ஒன்று ஒரு முட்டைப் பையில் 30 முதல் 40 முட்டைகள் வரை வைத்து, பொரிக்கும் தறுவாய் வரை அப்பையைத் தன் உடலிலேயே சுமந்து திரிகிறது. வெப்பமான இடத்தில் குஞ்சுகள் இரண்டு மூன்று மாதங்களில் வளர்ந்து தாமும் முட்டையிடத் தொடங்குகின்றன. ஆகவே ஓராண்டு கழிவதற்குள் அச்சமையலறையில் மீண்டும் ஆயிரம் கரப்புகள் இருக்கும். அவற்றுட் பெரும்பாலானவை அந்த ஐந்தின் வழித்தோன்றல்களாக இருக்கும். அதே மருந்தை மறுபடியும் அடிப்பது, நெல் வயலில் நெல்லைப் பிடுங்கிக் களையை விட்டுவைப்பதற்கு ஒப்பாகும்.

அந்த ஐந்துக்கு வாய்த்த தன்மை யாது? பெரும்பாலும் அது இரு வகையில் அமைகிறது. நஞ்சு என்பது பூச்சியின் உடலில் குறிப்பிட்ட ஓர் இடத்தைச் சென்று பற்றியே கொல்கிறது. பூட்டுக்குள் சாவி நுழைவதைப் போன்றது அது. சில பூச்சிகளில் அந்தப் பூட்டின் வடிவம் சிறிது மாறியிருக்கும். நஞ்சு உடலில் ஏறியும் பற்ற இடம் கிடைப்பதில்லை. வேறு சில பூச்சிகளில் நஞ்சைச் சிதைக்கும் நொதிகள் மிகுதியாகச் சுரக்கின்றன. நஞ்சு பூட்டைச் சென்றடையும் முன்னரே சிதைந்துவிடுகிறது. ஒரே பூச்சியில் இவ்விரண்டும் சேர்ந்திருப்பதும் உண்டு.

இந்தப் பூட்டின் கதையை நம் நாட்டுச் சரித்திரத்திலேயே காணலாம். 1953-ஆம் ஆண்டு தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி, வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. மருந்து அடிக்கப்பட்டது. மலேரியா வியக்கத்தக்க அளவு குறைந்து, 1960-களின் நடுவில் ஆண்டுக்குச் சுமார் 1 லட்சம் பேரைப் பீடிக்கும் நிலைக்கு வந்தது. ஆயினும் அதற்கு முன்பே, 1950-களின் நடுவில், நம் ஈரோடு நகரத்தில் மலேரியாக் கொசுவின் புழுக்கள் டி.டி.டி.யைத் தாங்கத் தொடங்கியதை ஆராய்ச்சியாளர் கண்டு எழுதியிருந்தனர். 1976-இல் நாட்டில் மலேரியா நோயாளர் தொகை 64 லட்சமாக உயர்ந்தது. பணப் பற்றாக்குறை, கண்காணிப்புத் தளர்வு எனப் பல காரணங்கள் அதற்கு உண்டு. கொசுவின் எதிர்ப்புத் தன்மையும் அவற்றுள் ஒன்று.

பின்னர் டி.டி.டி.க்கு மாற்றாகப் பைரித்திராய்டு என்னும் வகுப்பைச் சேர்ந்த மருந்துகள் வந்தன. சாமந்திக் குலத்துப் பூவொன்றின் நஞ்சைப் பார்த்து ஆலையில் செய்யப்பட்டவை இவை. டி.டி.டி.க்கும் இவற்றுக்கும் இரசாயன அமைப்பில் உறவில்லை. ஆனால் இரண்டும் பற்றும் இடம் ஒன்றே: பூச்சியின் நரம்பில் சோடியம் உப்பின் அணுக்கள் போய்வரும் வாயில். எனவே டி.டி.டி. காலத்தில் அந்த வாயிலின் வடிவம் மாறிப் பிழைத்த கொசுக்களின் வம்சம், தான் ஒருபோதும் கண்டிராத புதிய மருந்தையும் ஓரளவு தாங்கும் நிலையில் இருந்தது. மருந்தை மாற்றுவது என்றால் பூட்டை மாற்றுவது என்றே பொருள் கொள்ளவேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இனி இன்றைய கடைக்கு வருவோம். டப்பாவின் முன்புறத்துப் பெயரைப் பாராமல், பின்புறத்தில் சிறிய எழுத்தில் நூற்றுக்கு இத்தனை பங்கு என்று குறித்திருக்கும் மூல மருந்தின் பெயரைப் படிக்கவேண்டும். கொசுவர்த்திச் சுருளில் அல்லத்ரின் அல்லது அதன் இனத்தது ஒன்று. மின்சாரத்தில் செருகும் திரவத்தில் டிரான்ஸ்ப்ளூத்ரின் அல்லது பிராலெத்ரின். கரப்புக்குப் பீய்ச்சும் டப்பாவில் இமிப்ரோத்ரினும் சைபர்மெத்ரினும் என்று இருக்கக் காண்போம். ‘த்ரின்’ என்று முடியும் இவை அனைத்தும் பைரித்திராய்டு வகுப்பைச் சேர்ந்தவை. ஆகவே சுருளை விட்டுத் திரவத்துக்கும், சிவப்பு டப்பாவை விட்டுக் கறுப்பு டப்பாவுக்கும் மாறுவதால் பூட்டு மாறுவதில்லை. பருத்திக்கும் கத்தரிக்கும் அடிக்கும் சைபர்மெத்ரினும் இதுவே என்பதை விவசாயிகள் அறிவார்கள். வயலிலிருந்து வடியும் நீரில் வளரும் கொசுப் புழு, வீட்டுக்குள் வருமுன்னரே இம்மருந்துடன் அறிமுகம் பெற்றுவிடுகிறது.

மருந்தை முறை வைத்து மாற்றுவதன் பயனைக் கரப்பின் மீது நேரில் சோதித்தவர்கள் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார். இண்டியானா, இல்லினாய் மாநிலங்களில் அடுக்கு வீடுகளில் ஆறு மாத காலம் செய்த அச்சோதனையின் முடிவை 2019-இல் வெளியிட்டனர். ஓரிடத்தில் வெவ்வேறு வகுப்பைச் சேர்ந்த 3 மருந்துகளை மாதத்துக்கு ஒன்றாக மாற்றி, மூன்று மாதம் முடிந்ததும் அதே வரிசையை மீண்டும் நடத்தினர். மற்றோரிடத்தில் இரண்டு வகுப்பு மருந்துகள் கலந்த ஒரே கலவையைத் தொடர்ந்து பயன்படுத்தினர். மூன்றாவது முறையில், அவ்வீட்டுக் கரப்புகளிடம் எந்த மருந்துக்கு எதிர்ப்புக் குறைவு என்று முதலில் பரிசோதித்து அறிந்து, அதை மட்டும் வைத்தனர்.

விளைவுகள் கவனிக்கத்தக்கவை. கலவை வைத்த இடத்தில் கரப்புகள் பெருகின. தேர்ந்தெடுத்த ஒரே மருந்து வைத்த இடங்களில், எதிர்ப்பு மிகக் குறைவாயிருந்த வீடுகளில் அவை ஏறக்குறைய ஒழிந்தன. தொடக்கத்திலேயே நூற்றுக்குப் பத்து கரப்புகளிடம் எதிர்ப்பு இருந்த இடத்திலோ அவை பெருகின. முறை வைத்து மாற்றிய இடத்தில் கரப்புகள் பெருகவுமில்லை, ஒழியவுமில்லை. இருந்த அளவிலேயே நின்றன. அன்றியும், ஒரு மருந்தைத் தாங்கிப் பிழைத்தவற்றின் குஞ்சுகள், தாம் சந்தித்திராத வேறு வகுப்பு மருந்துகளையும் தாங்கக் கண்டனர். நஞ்சைச் சிதைக்கும் நொதி பல நஞ்சுகளுக்கும் பொதுவாக அமைவதால் இது நேர்கிறது.

ஆகவே முறை மாற்றம் கரப்பை அறவே ஒழிக்கும் என்று நாம் கூறத் துணியோம். ஒரு மருந்தில் பிழைத்த வம்சம் வேரூன்றுமுன் அடுத்த மருந்து அதைத் தாக்குவதால் பெருக்கம் தடைப்படுகிறது, அவ்வளவே. எண்ணிக்கையைக் குறைக்கும் வேலை இரையையும் நீரையும் ஒளிவிடத்தையும் அகற்றுவதில் இருக்கிறது. இரவில் எச்சில் பாத்திரங்களைக் கழுவிவைப்பது, ஒழுகும் குழாயைச் சரிசெய்வது, அடுப்பு மேடையின் வெடிப்புகளைச் சிமெண்டால் பூசுவது ஆகியவற்றுக்கு எதிர்ப்புத் தன்மை பெறும் கரப்பு இல்லை.

மருந்து தோற்றதை எவ்வாறு அறிவது? பீய்ச்சியவுடன் கரப்பு மல்லாந்து விழுவதைக் கொண்டு முடிவு செய்தல் கூடாது. பைரித்திராய்டு நரம்பைத் தாக்கி உடனே வீழ்த்தும். நொதி மிகுந்த பூச்சி சில மணி நேரத்தில் தெளிந்து எழுந்து போய்விடும். விழுந்தவற்றில் பத்தை ஒரு கண்ணாடிப் பாத்திரத்தால் கவிழ்த்து மூடிவைத்து மறுநாள் பார்க்கலாம். மூன்று நான்கு நடமாடினால் அந்த வகுப்பை நிறுத்திவிட வேண்டும். இச்சோதனைக்கு உரியது அரை அங்குல நீளமும் தலைக்குப் பின்னால் இரண்டு கரிய கோடுகளும் உள்ள சிறு கரப்பு. சாக்கடையிலிருந்து ஏறிவரும் பெரிய செங்கரப்புக்கு மருந்தைவிடச் சாக்கடை வாய்க்குக் கம்பி வலை இடுவதே தக்கது.

சிறு கரப்புக்கு முறை மாற்றம் செய்ய இன்று வழியிருக்கிறது. இமிடாகுளோப்ரிட் கலந்த பசை, பிப்ரோனில் கலந்த பசை, போரிக் அமிலப் பொடி ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு வகையில் கொல்பவை. ஒரு தலைமுறைக் காலமாகிய மூன்று மாதத்துக்கு ஒன்றாக இவற்றை மாற்றி வரலாம். பசை வைத்த இடத்தருகே பீய்ச்சு மருந்து அடித்தால் கரப்பு பசையை நெருங்காது, பசை வீணாகும். பசை புதிதாயிருந்தும் கரப்பு தொடாமல் விலகினால், மற்றொரு வகை எதிர்ப்பையும் ஐயுறவேண்டும். இனிப்புக்காகச் சேர்க்கும் குளுக்கோஸை ஒதுக்கும் கரப்பு வம்சம் உண்டு என்று அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1993-இல் தெரிவித்தனர். அப்போது வேறு தயாரிப்பாளரின் பசையை வைத்துப் பார்ப்பது பொருந்தும். இமிடாகுளோப்ரிட்டும் பிப்ரோனிலும் வயலுக்கும் வாங்கப்படுபவை என்பதால், அந்த வீரிய மருந்தைச் சமையலறையில் தெளிக்க எவரும் முனையலாகாது. அது மனிதருக்கே தீங்கு. பொடியையும் குழந்தைகளுக்கு எட்டாத இடுக்குகளிலேயே தூவவேண்டும்.

கொசுவின் விஷயத்தில் வீட்டாருக்கு இத்தகைய வசதி இல்லை. சுருளும் திரவமும் ஏறக்குறைய முழுவதும் ஒரே வகுப்பாக இருப்பதால், மாற்ற விரும்பினாலும் மாற்றுவதற்கு வேறு மருந்தில்லை. கொசுவலையும் சன்னல் வலையுமே மாற்று. முறை மாற்றம் இங்கே பஞ்சாயத்தின் கையில் இருக்கிறது. அதிலும் ஒரு கண்ணி உண்டு. தண்ணீர்த் தொட்டியில் புழுவைக் கொல்ல இடும் டெமிபாஸும், புகை மருந்தாக அடிக்கும் மாலத்தியானும் வேறு வேறு பெயருடையன. ஆனால் இரண்டும் ஆர்கனோபாஸ்பரஸ் என்னும் ஒரே வகுப்பு. புழுப் பருவத்தில் பிழைத்த அதே கொசு, சிறகு முளைத்தபின் அதே வகுப்பை மீண்டும் சந்திக்கிறது. புகைக்குச் சைபினோத்ரின் வாங்கினால், வீடுகளில் இரவெல்லாம் எரியும் சுருளோடு அது ஒரே வகுப்பாகிவிடும்.

இதற்குப் பரிகாரமாக, புழுவுக்கான மருந்தை ஆண்டுதோறும் வகுப்பு மாற்றிப் பெறலாம். ஓர் ஆண்டு டெமிபாஸ் என்றால், மறு ஆண்டு பி.டி.ஐ. எனப்படும் நுண்ணுயிர் மருந்து. அதற்கடுத்த ஆண்டு, புழு கொசுவாக வளராமல் தடுக்கும் டைப்ளூபென்சுரான் போன்றது. பி.டி.ஐ.யைப் புழு உண்டால்தான் சாகும். உண்ணாத கூட்டுப்புழுப் பருவத்தை அது தீண்டாது. எனவே கூட்டுப்புழு மிகுந்த தொட்டியைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுவதே வழி. டெங்குக் கொசு முட்டையிலிருந்து சிறகு பெறச் சுமார் ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆவதால், வாரம் ஒரு நாள் தொட்டிகளைக் காயவிடும் வழக்கம் எந்த வகுப்பு மருந்துக்கும் துணையாக நிற்கும்.

எம்மருந்து இன்னும் பயன்படுகிறது என்று அறியச் சுகாதாரத் துறையின் பூச்சியியல் அலுவலர்கள் கொசுவைப் பிடித்துச் சோதிக்கும் முறை ஒன்று உண்டு. மருந்து தோய்ந்த தாளுள்ள குழாயில் கொசுக்களை ஒரு மணி நேரம் அடைத்து, 24 மணி நேரம் கழித்து எண்ணுவார்கள். நூற்றுக்கு 98-க்குக் குறையாமல் செத்திருந்தால் மருந்து நல்ல நிலையில் இருக்கிறது. 90-க்குக் கீழே போனால் எதிர்ப்பு உறுதி. மருந்துக் கொள்முதல் தீர்மானம் நிறைவேற்றுமுன் இச்சோதனையின் முடிவைக் கேட்டு வாங்குவது பஞ்சாயத்தின் பொறுப்பு. மருந்துப் பதிவேட்டில் தேதி, தெரு, அளவு ஆகியவற்றுடன் மூல மருந்தின் பெயர், அதன் வகுப்பு என்ற இரு பத்திகளைக் கூடுதலாகக் கோடிட்டுக்கொண்டால், அடுத்த ஆண்டு எதை வாங்கலாகாது என்பதற்கு அப்பதிவேட்டையே புரட்டிப் பார்க்கலாம்.