13.6 அல்ல, 12.6

ஆய்வகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு:

1. மானோமீட்டரின் பாதரச மட்டத்தைப் படிக்கும் முன் தண்ணீர் ஓட்டத்தை நிறுத்துங்கள். குழாய் மட்டும் நிறைந்தே இருக்கட்டும். இப்போது யூ குழாயின் இரு புயங்களிலும் பாதரசம் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். பிரதான குழாய் சாய்வாக இருந்தாலும் இதுதான் விதி. நிற்கவில்லையா? இணைப்புக் குழாயில் காற்று சிக்கியிருக்கிறது. செங்குத்தாக 30 செ.மீ. நீளத்துக்குக் காற்று நின்றால் போதும், பாதரச மட்டம் ஏறத்தாழ 2.4 செ.மீ. பொய் சொல்லும். காற்றை வெளியேற்றும்போது இரு புயங்களையும் இணைக்கும் வால்வை முதலில் திறந்துவையுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் திறந்தால் பாதரசம் பாய்ந்து தண்ணீர்க் குழாய்க்குள் போய்விடும். அதன் ஆவி நஞ்சு. சிந்தினால் அள்ளுவது பெரும்பாடு.

2. பாதரசத்தின் மேற்பரப்பு நடுவில் புடைத்திருக்கும். புடைப்பின் உச்சியைப் படியுங்கள், கண் அதே மட்டத்தில் இருக்கட்டும்.

3. சூத்திரத்தை மனப்பாடம் செய்யாதீர்கள், குழாய் வழியே நடந்து போங்கள். இறங்கினால் அழுத்தத்தைக் கூட்டு, ஏறினால் கழி, அவ்வளவுதான் கணக்கு. கிடைமட்டக் குழாயில் ‘அ’, ‘ஆ’ என இரு துளைகள். ‘அ’ பக்கத்துப் பாதரசம் 20 செ.மீ. தாழ்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ‘அ’விலிருந்து தண்ணீர் வழியே அந்தத் தாழ்ந்த மட்டம் வரை இறங்குகிறோம். எதிர்ப் புயத்தில் அதே மட்டத்துக்குத் தாவலாம். இடையில் இருப்பது பாதரசம் மட்டுமே, அழுத்தம் மாறாது. அங்கிருந்து 0.20 மீட்டர் பாதரசத்தில் ஏறினால் 13.6 × 0.20 = 2.72 மீட்டர் தண்ணீர் அளவு கழிகிறது. பிறகு தண்ணீரில் ஏறி ‘ஆ’வை அடைகிறோம். ஆனால் இறங்கும்போது தண்ணீரில் 0.20 மீட்டர் கூடுதலாக இறங்கியிருக்கிறோம். அதையும் சேர்த்தால் வித்தியாசம் 2.72 − 0.20 = 2.52 மீட்டர் தண்ணீர். 9.81ஆல் பெருக்கினால் சுமார் 24.7 கிலோபாஸ்கல். ‘அ’வில்தான் அழுத்தம் அதிகம்.

ஆண்டுதோறும் பாதி நோட்டுகளில் 26.7 என்றே வருகிறது. பாதரசத்தின் மேல் நிற்பது காற்று என்று நினைத்து 13.6ஆல் பெருக்கிவிடுகிறார்கள். அங்கே நிற்பதும் தண்ணீர்தான். அதன் எடை ஒன்றைக் குறைத்தால் 12.6. பிழை எட்டு சதவீதம்.

4. ‘ஆ’ துளை ‘அ’வைவிட அரை மீட்டர் உயரத்தில் இருந்து, மானோமீட்டர் அதே 20 செ.மீ. காட்டினால்? கடைசி ஏற்றம் அரை மீட்டர் கூடுகிறது, வித்தியாசம் 3.02 மீட்டர், அதாவது 29.6 கிலோபாஸ்கல். உராய்வு இழப்பு மட்டும் வேண்டுமென்றால், குழாயின் விட்டம் மாறாதவரை, 2.52 மீட்டரே விடை. உயரத்துக்கான பங்கு அதில் சேராது.

5. வித்தியாசம் சில மில்லிமீட்டர்தான் என்றால் பாதரசத்தை விட்டுவிடுங்கள். ஒரு மில்லிமீட்டர் தவறாகப் படித்தால் 12.6 மில்லிமீட்டர் தண்ணீர் அளவு பிழை வரும். மேலே காற்று அடைத்த தலைகீழ் யூ குழாயை மாட்டுங்கள். அதில் தெரியும் உயர வித்தியாசத்தை அப்படியே தண்ணீர் உயரமாக எடுத்துக்கொள்ளலாம்.