ரீலோட் விளம்பரத்தை விளங்கிக்கொள்வது எப்படி?

ரீலோட் பெக்கேஜ் விளம்பரங்கள் வட்ஸ்அப்பில் படமாக வருகின்றன. கடைச் சுவரிலும் ஒட்டப்பட்டிருக்கின்றன. பல விளம்பரங்களில் விலை பெரிதாகவும், அதற்குரிய நிபந்தனைகள் ஆங்கிலத்தில் சிறிதாகவும் இருக்கும். இந்தியாவில் இருந்து திரும்பியவர்கள் "ரீசார்ஜ்" என்று சொல்லிப் பழகியதையே இங்கு "ரீலோட்" என்கிறார்கள்.

படத்தை வேறொருவரிடம் காட்டி விளக்கம் கேட்பதாக இருந்தால், விளம்பரத்தின் அடிப்பகுதியும் தெளிவாகத் தெரியும்படி படம் எடுங்கள். விலைக்குப் பக்கத்தில் * என்ற நட்சத்திரக் குறி இருந்தால், அதற்குரிய நிபந்தனை பெரும்பாலும் அடியில்தான் இருக்கும்.

கீழே உள்ளது நாங்கள் உதாரணத்துக்காக அமைத்த விளம்பரம். எந்த நிறுவனத்தினதும் அல்ல.

```
Super Saver 3 GB
Rs. 200*
Anytime 1 GB
Night 2 GB (12 a.m. - 8 a.m.)
Valid for 7 days
Auto renewal
*Taxes extra
```

பெயரை மொழிபெயர்க்க வேண்டாம்

Super Saver என்பது பெக்கேஜின் பெயர். "பெரிய சேமிப்பு" என்று அதை மொழிபெயர்த்தால், உண்மையிலேயே பணம் மிச்சமாகும் என்று நினைத்துவிடுவோம். பெயரை அப்படியே விட்டுவிடுங்கள். கடையில் கேட்கும்போதும் ஆங்கிலப் பெயரையே சொல்லுங்கள். தமிழில் சொன்னால் கடைக்காரர் வேறு பெக்கேஜைப் போட்டுவிடக்கூடும்.

எந்த நேரத்துக்கான டேட்டா?

Anytime என்றால் எந்த நேரமும் பாவிக்கலாம். Night என்றால் குறிப்பிட்ட இரவு நேரத்தில் மட்டும். 12 a.m. என்பது நள்ளிரவு, நண்பகல் அல்ல. ஆகவே இந்த 2 GB நள்ளிரவு 12 மணி முதல் காலை 8 மணி வரை மட்டுமே உங்களுக்குரியது. பிள்ளை மாலை 7 மணிக்குப் பாட வீடியோ பார்த்தால் அதற்கு அந்த 1 GB மட்டுமே கழியும். அது முடிந்ததும், இரவு டேட்டா முழுதாக இருந்தாலும், மாலையில் உதவாது.

விலை 200 ரூபாய்தானா?

Taxes extra என்றால் வரி இந்த விலையில் சேரவில்லை என்று பொருள். Inclusive of taxes என்று இருந்தால் வரியும் சேர்ந்த விலை. எங்கள் உதாரணத்தில் வரி 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அப்போது தேவைப்படுவது 240 ரூபாய். நீங்கள் 200 ரூபாய் மட்டும் ரீலோட் செய்தால் பெக்கேஜ் தொடங்காது. பணம் சாதாரண மீதியாகக் கணக்கில் நிற்கும். அது தெரியாமல் டேட்டாவைத் திறந்தால், பெக்கேஜ் இல்லாத சாதாரண கட்டணத்தில் அந்த மீதி கரைந்துவிடலாம். எனவே "வரியோடு மொத்தம் எவ்வளவு?" என்று கடையில் முதலில் கேளுங்கள். பெக்கேஜ் தொடங்கிவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்த பின்னரே டேட்டாவைத் திறவுங்கள்.

எத்தனை நாளைக்கு?

Valid for 7 days என்றால் 7 நாட்களுக்குச் செல்லுபடியாகும். அதன்பின் மிஞ்சிய டேட்டாவைப் பொதுவாகப் பாவிக்க முடியாது. முடிவடையும் திகதியும் நேரமும் குறுஞ்செய்தியில் Expires அல்லது Valid till என்ற சொல்லுக்கு அருகில் இருக்கும். அதைக் கலண்டரில் குறித்து வையுங்கள். 28 நாட்களுக்கு இதே பெக்கேஜை 4 தடவை போட வேண்டும்: 4 தடவை 240, மொத்தம் 960 ரூபாய். மாதப் பெக்கேஜ் ஒன்றின் விலையோடு ஒப்பிடும்போது, 200 ரூபாயை அல்ல, இந்த 960 ரூபாயையே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இரவு டேட்டாவை எவரும் பாவிப்பதில்லை என்றால், அந்த 960 ரூபாய்க்கு உங்களுக்குக் கிடைப்பது 4 GB மட்டுமே.

தானாகப் பணம் கழிவது

Auto renewal என்றால், காலம் முடிந்ததும் கணக்கில் போதிய பணம் இருந்தால் அதே பெக்கேஜ் தானாக மீண்டும் தொடங்கும். மருத்துவமனைக்கோ பிரதேச செயலகத்துக்கோ அழைப்பதற்கென்று போட்டு வைத்த பணம் இப்படிக் கழிந்துவிடலாம். எட்டாம் நாள் மீதி திடீரென்று 240 ரூபாயால் குறைந்து, Renewed என்ற சொல்லுடன் குறுஞ்செய்தி வந்திருந்தால் காரணம் இதுதான். அதை நிறுத்த உங்கள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்து, "இந்தப் பெக்கேஜ் தானாகப் புதுப்பிக்கப்படுவதை நிறுத்துங்கள்" என்று சொல்லுங்கள். அழைக்கும்போது தமிழ்மொழிச் சேவையைத் தெரிவு செய்யுங்கள். நிறுத்தியதை உறுதிப்படுத்தும் குறுஞ்செய்தியை அழிக்காமல் வைத்திருங்கள். பின்னர் மீண்டும் பணம் கழிந்தால் அதைக் காட்டி முறையிடலாம்.

ஆகவே எங்கள் உதாரண விளம்பரத்தைத் தமிழில் இப்படி எழுதிக்கொள்ளலாம்: "வரியோடு 240 ரூபாய். எந்த நேரமும் 1 GB, நள்ளிரவு முதல் காலை 8 மணி வரை 2 GB. 7 நாட்கள். பிறகு தானாக மீண்டும் பணம் கழியும்." உங்களுக்கு வரும் விளம்பரத்தையும் இதேபோல் ஒரு தாளில் எழுதிப் பார்த்த பின்னர் பணத்தைக் கொடுங்கள்.