மங்கிய அறைப் படத்தில் ஒளிக்கற்றையும் தூசியும்: எந்த முறை எதற்கு?

அறைக்குள் நுழையும் வெயில் கற்றையாகத் தெரிவதற்குக் காரணம் காற்றில் மிதக்கும் தூசி. தூசியே இல்லாத காற்றில் வெயில் தரையில் விழும் இடம் மட்டும் தெரியும், வரும் வழி தெரியாது. துகள்கள் ஒளியைச் சிதறடித்து அதில் ஒரு பங்கைக் கேமரா பக்கம் திருப்பும்போதுதான் அந்த வழி புலப்படுகிறது. ஆகவே தூசி கற்றைக்குள் மட்டுமே மின்னும். கற்றையும் இருண்ட பின்னணிக்கு முன்னால்தான் எடுபடும். சிதறும் ஒளியில் பெரும்பகுதி வெயில் போகும் திசையிலேயே முன்னோக்கிச் செல்வதால், சூரியன் இருக்கும் பக்கம் பார்த்து எடுத்த படத்தில் இரண்டும் பளிச்சென்று இருக்கும். சூரியனுக்கு முதுகு காட்டி எடுத்த படத்தில் மங்கலாக இருக்கும். போட்டோஷாப்பில் இவற்றைச் சேர்ப்பதற்குப் பல வழிகள் உண்டு. எந்தப் படத்துக்கு எது பொருந்தும் என்பதைப் படத்தில் இருக்கும் தடயங்களே சொல்லிவிடும்.

ஓட்டு வீட்டில் குழித்தறியில் நெய்பவரின் படம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். கூரையில் இடது மேல்பக்கம் ஒரு கண்ணாடி ஓடு. வலது கீழ்ப்பக்கம் தரையில் அதன் வெயில் திட்டு. இரண்டுக்கும் நடுவே வெறும் இருட்டு.

முதலில் கற்றை. அதை உருவாக்க மூன்று வழிகள் இருக்கின்றன: கையால் வரைவது, Radial Blur வடிப்பானால் இழுப்பது, ஆயத்தமாகக் கிடைக்கும் கற்றைப் படத்தை மேலே வைப்பது. ஒளி நுழையும் திறப்பும் அது விழும் திட்டும் படத்தில் தெரிந்தால் கையால் வரைவதே சிறந்தது, ஏனெனில் அங்கே ஊகத்துக்கு இடமில்லை. வெளியுலகின் நேர்கோடு படத்திலும் நேர்கோடாகவே விழும். எனவே ஓட்டின் ஒவ்வொரு மூலையையும் திட்டில் அதற்குரிய மூலையோடு இணைத்தால், கற்றையின் உண்மையான விளிம்புகள் கிடைத்துவிடும். புதிய அடுக்கில் இளமஞ்சள் கலந்த நடுத்தரச் சாம்பலை நிரப்பி, அந்த எல்லையை அதன் அடுக்கு முகமூடியாக்கி, கலப்பு முறையை Screen என்று மாற்றி, ஒளிபுகாமையை 15 முதல் 30 சதவீதத்துக்குள் வைக்கலாம். நெய்பவர் கற்றைக்கு முன்னால் அமர்ந்திருந்தால், அவர் உருவத்தின் மேல் விழும் பகுதியை அதே முகமூடியில் மறைக்க வேண்டும். இதைத் தவறவிட்டால் முகத்தின்மேல் ஒரு மெல்லிய திரை படிந்ததுபோல் ஆகிவிடும்.

விளிம்பைத் தனியே கவனிக்க வேண்டும். சூரியன் ஒரு புள்ளி அல்ல; வானில் அரை பாகை அகலமுள்ள வட்டம். அதனால் கற்றையின் விளிம்பு ஒவ்வொரு மீட்டருக்கும் சுமார் 9 மில்லிமீட்டர் மங்கும். மூன்று மீட்டர் கடந்து தரைக்கு வரும்போது, மங்கிய பட்டை கிட்டத்தட்ட 3 சென்டிமீட்டர் அகலமாகியிருக்கும். ஓட்டருகே கூர்மையாகவும் தரையருகே மென்மையாகவும் இருப்பதே சரி. தரைத் திட்டின் ஓரம் எவ்வளவு மங்கலாக இருக்கிறதோ, கற்றையின் கீழ்முனையையும் Gaussian Blur கொண்டு அதே அளவுக்கு மங்கலாக்கினால் போதும். ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள ஜன்னல் கம்பியின் முழுநிழல் ஒரு மீட்டரைத் தாண்டியதுமே கரைந்துவிடும் என்பதும் இதனால்தான். அறையின் மறுமுனை வரை கம்பிக்கொரு கோடாகக் கூர்மையாக நீளும் கதிர்கள் உடனே செயற்கையாகப் படுவதற்குக் காரணமும் இதுவே.

ஜன்னல் மட்டும் தெரிந்து, திட்டு படத்துக்கு வெளியே போய்விட்டால் Radial Blur உதவும். படத்தின் நகலில் Levels கொண்டு ஜன்னலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கறுப்பாக்கி, Radial Blur-இல் Zoom என்பதைத் தேர்ந்து, Screen முறையில் மேலே வைக்க வேண்டும். இங்கே பலரும் தவறுவது மையத்தை வைப்பதில். ஜன்னலின் நடுவில் மையம் வைத்தால் கதிர்கள் நாலாபக்கமும் நட்சத்திரம்போல் சிதறும். மையம் இருக்க வேண்டியது சூரியன் இருக்கும் இடத்தில். அது பெரும்பாலும் படச் சட்டத்துக்கு மேலே, வெளியே இருக்கும். ஆகவே முதலில் Canvas Size கட்டளையால் மேல்பக்கம் வெற்றிடத்தைக் கூட்டி, அங்கே மையத்தை நிறுத்தி, வேலை முடிந்ததும் வெட்டிவிடலாம். ஆயத்தக் கற்றைப் படத்துக்கு, திறப்பும் திட்டும் இரண்டுமே தெரியாத படத்தில் மட்டுமே இடம் உண்டு.

கலப்பு முறையில் ஏன் Screen என்பதைக் கணக்கில் பார்த்தால் தெளிவாகும். அடிப்படத்தில் ஓர் இருண்ட புள்ளியின் மதிப்பு 30, மேலடுக்கில் 100 என்று கொள்வோம். Screen முறையில் விடை 118. Linear Dodge முறையில் 130. Overlay முறையிலோ 24-தான் வரும். இருட்டு இன்னும் இருண்டுவிடுகிறது. மங்கிய அறைக்கு Overlay உதவாது என்பது இதிலேயே தெரிந்துவிடும். Linear Dodge இருட்டில் அழகாக வேலை செய்தாலும், 220 மதிப்புள்ள வெளிச்சப் பகுதியில் 255-ஐத் தாண்டி வெறும் வெள்ளையாகிவிடும். அதே இடத்தில் Screen 234-இல் நிற்கும். சில தூசிப் புள்ளிகள் மட்டும் கூடுதலாக மின்ன வேண்டும் என்றால் அவற்றுக்கு Linear Dodge வைத்துக்கொள்ளலாம்.

தூசி அடுக்குக்கும் ஆயத்தப் படம், தூரிகை, சொந்தமாக எடுத்த படம் என்று மூன்று தேர்வுகள். ஆயத்தத் தூசிப் படங்களில் பல மிக அருகில் வைத்து எடுக்கப்பட்டவை; துகள்கள் எல்லாம் பெரிய மங்கிய வட்டங்களாக இருக்கும். அறை முழுவதையும் காட்டும் படத்தில் அவற்றை அப்படியே வைத்தால், தூசி பருத்திக்கொட்டை அளவுக்கு வந்துவிடும். சில மீட்டர் தள்ளியுள்ள தூசி படத்தில் ஊசிமுனை அளவுக்கு மேல் தெரியாது. தூரிகையில் Scattering, Size Jitter வைத்துச் சில புள்ளிகளைத் தெளிக்கலாம்; நூற்றுக்கணக்கில் தெளித்தால் ஒரே மாதிரி வடிவம் காட்டிக்கொடுத்துவிடும்.

நேரம் இருந்தால் சொந்தமாக எடுப்பதே மேல். இருட்டறையில் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு, பக்கவாட்டில் சற்றுப் பின்னாலிருந்து டார்ச் அடித்து, பழைய பருத்தித் துணியை உதற வேண்டும். மூலப் படத்தை எடுத்த அதே லென்ஸில், அதே துளை அளவில், கைமுறைக் குவியத்தில் 1/125 விநாடிக்கு எடுத்தால், துகள்கள் கோடாக இழுபடாமல் பெரும்பாலும் புள்ளியாகவே கிடைக்கும். தூரத்துத் தூசி, நடுத்தூசி, லென்ஸருகே மங்கிய தூசி என்று மூன்று அடுக்குகளாகப் பிரித்து, மூன்றையும் ஒரே குழுவில் இட்டு, கற்றையின் முகமூடியையே அந்தக் குழுவுக்கும் நகலெடுக்க வேண்டும். லென்ஸருகே உள்ள தூசி இரண்டு மூன்று வட்டங்களுக்கு மேல் வேண்டாம்.

துணியின் கறுப்பு உண்மையில் சுத்தமான கறுப்பாக இருப்பதில்லை. அதன் மதிப்பு 12 என்றால்கூட, Screen முறையில் கற்றைக்குள் இருக்கும் கருமை முழுவதும் 12-க்கு ஏறி வெளிறிப்போகும். தூசி அடுக்கை மாறிமாறி மறைத்தும் காட்டியும், கற்றைக்குள் தூசி விழாத ஓர் இருண்ட இடத்தைப் பார்த்தால் இது தெரிந்துவிடும். Levels-இல் கறுப்பு முனையை வலப்பக்கம் நகர்த்தினால் சரியாகும். கடைசியாக, அதிக ஐஎஸ்ஓவில் எடுத்த மூலப் படத்தில் மணல்மணலாகக் குருணை இருக்கும், வரைந்த கற்றையிலோ இராது. 100 சதவீதப் பெரிதாக்கத்தில் ஒப்பிட்டுக்கொண்டே, கற்றை அடுக்கில் Add Noise கொஞ்சம் சேர்க்க வேண்டும். கற்றையின் மென்மையான சரிவில் பட்டை பட்டையாகத் தெரியும் கோளாறையும் இது மறைக்கும். 16 பிட்டில் வேலை செய்தால் அந்தக் கோளாறே குறைவு.

மேகமூட்டமான நாளில் எடுத்த படத்துக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. வானம் முழுவதிலிருந்தும் பரவி வரும் ஒளிக்கு விளிம்புள்ள கற்றை கிடையாது. கூர்மையான வெயில் திட்டோ நிழலோ விழாத அத்தகைய நாளின் படத்தில் எந்த முறையில் சேர்த்தாலும் அது பொய்யாகவே தெரியும். செய்திப் படமாகவோ ஆவணப் படமாகவோ கொடுக்கப்போகும் படத்திலும் இதைச் செய்யக் கூடாது. எடுத்தபோது இல்லாத ஒன்றைச் சேர்த்த படங்களை வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டி ஏற்பதில்லை.