மூன்று பட்டியல்களாக ஒரு நோயாளிக் கோப்பு

நோயாளியின் பிரச்சினைகள் ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்துக் கோப்பின் முன்பக்கத்தில் எழுதும் முறையை, அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் வீட் 1968-இல் வெளிவந்த கட்டுரையில் விளக்கினார். அதில் உள்ள சிக்கல், பட்டியலில் ஏறும் எதுவும் இறங்குவதில்லை என்பது. கடியப்பட்டணத்து மீனவர் ஒருவரின் கோப்பை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். வயது 58. பிரஷர், சர்க்கரை, 2012-இல் சிகிச்சை முடிந்த காசநோய், கிரியாட்டினின் 1.9, தூண்டில் முள் குத்தி ஆறாத கால்புண் எல்லாம் ஒரே வரிசையில் கிடக்கின்றன. இதை நாள்பட்டவை, நடப்பவை, தீர்ந்தவை என்று பிரிக்கும்போது எதையும் அழிக்கக் கூடாது. பழைய எண்ணையும் மாற்றக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் தொடங்கிய தேதியையும், கடைசியாகக் கிடைத்த சான்றையும் எதிரே எழுத வேண்டும். எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்பதைத் தீர்மானிக்க வேண்டியது அந்தச் சான்றுதான். ஒரு வருடமாக யாரும் அதைப் பற்றி எழுதவில்லை என்பது சான்றாகாது.

சர்க்கரையும் பிரஷரும் நாள்பட்டவை. மாத்திரை போட்டு 130/80 காட்டுகிறது என்றால் மாத்திரை வேலை செய்கிறது என்றுதான் பொருள். அதைத் தீர்ந்ததில் போட்டால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் மாத்திரைக்கும் கோப்பில் காரணம் இல்லாமல் போகும். மருந்தை நிறுத்தி மூன்று மாதத்துக்குப் பிறகும் ஹெச்பிஏ1சி 6.5-க்குக் கீழே இருந்தாலும், 'தணிந்த நிலை' என்று குறித்து இதே பட்டியலில் வைப்பதே சரி. கண், சிறுநீரகப் பரிசோதனைகள் தொடர வேண்டும்.

தடுமாற வைப்பது கிரியாட்டினின். வயிற்றுப்போக்கில் உடல் வறண்ட நாளில், இடுப்புவலிக்கு டைக்ளோஃபினாக் விழுங்கியவருக்கு வந்த 1.9-ஐப் பார்த்து 'நாள்பட்ட சிறுநீரக நோய்' என்று எழுதிவிடுகிறார்கள். பாதிப்பு மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் அந்தப் பெயர் பொருந்தும். அதுவரை நடப்பவையில் 'கிரியாட்டினின் உயர்வு, காரணம் பார்க்க வேண்டும்' என்று மறுபரிசோதனைத் தேதியோடு இருக்கட்டும். மறுபரிசோதனைகளில் 1.0-க்கு இறங்கி, சிறுநீரில் புரதமும் இல்லையென்றால் தீர்ந்தவைக்கு நகர்த்தலாம். வலிமாத்திரை எச்சரிக்கை மட்டும் மருந்துப் பக்கத்தில் நிற்க வேண்டும். கால்புண்ணும் நடப்பதே, ஆனால் சர்க்கரையின் எண்ணை அதன் அருகில் எழுதாவிட்டால் சாதாரணக் காயமாகத் தெரியும்.

தீர்ந்ததை எதற்குச் சுமக்க வேண்டும் என்று கேட்கலாம். பழைய காசநோய்த் தழும்பு மார்பு எக்ஸ்ரேயில் நிழலாகத் தெரியும். கோப்பில் 2012 இல்லையென்றால், புதிய மருத்துவர் அதைப் புது நோயாக எண்ணி முதலிலிருந்து தொடங்குவார். கூட்டம் நிறைந்த ஓபியில் இதற்கு நேரம் ஏது என்பது இன்னும் நியாயமான கேள்வி. முழுக் கோப்பையும் ஒரே நாளில் பிரிக்கத் தேவையில்லை. அன்று எந்தப் பிரச்சினைக்காக வந்தாரோ அந்த வரியை மட்டும் நகர்த்தினால் போதும். கொச்சிப் பக்கம் தொழிலுக்குப் போய்வந்தவர் வேறு ஆஸ்பத்திரிச் சீட்டைக் கொண்டுவந்தால், அதிலுள்ள நோய்ப்பெயரை அப்படியே நாள்பட்டவையில் ஏற்றாமல், சான்று வரும்வரை நடப்பவையில் நிறுத்தலாம்.