தலைப்பில் ஊர்ப் பெயர் இருக்கிறதா?

வீட்டிலிருந்தே புர்கா தைத்துத் தரும் சகோதரிகள் பலர் யூடியூபில் வீடியோ போடுகிறார்கள். தலைப்பு பெரும்பாலும் ‘மாஷா அல்லாஹ், நியூ கலெக்‌ஷன்!’ என்றிருக்கும். தைக்கக் கொடுக்க இடம் தேடுபவர் இந்தச் சொற்களை அடிப்பதில்லை.

அவர் அடிப்பது என்ன? யூடியூப் தேடல் கட்டத்தில் ‘புர்கா’ என்று மட்டும் அடித்து நிறுத்துங்கள். கீழே இறங்கும் வரிகள் மக்கள் தேடும் சொற்களைக் காட்டும். burka, burqa, abaya என்றும் அடித்துப் பாருங்கள். பலர் போனில் ஆங்கில எழுத்தில்தான் தேடுகிறார்கள்.

ஆம்பூரில் தைப்பவர் என்றால் தலைப்பு இப்படி இருக்கலாம்: ‘ஆம்பூரில் அளவெடுத்து புர்கா தைத்துத் தரப்படும் | Burqa stitching Ambur’. தலைப்புக்கு 100 எழுத்து வரை இடமுண்டு. ஆனால் போன் திரையில் நீண்ட தலைப்பின் கடைசிப் பகுதி தெரியாது. ஆகவே ஊரும் வேலையும் முன்னால் வரட்டும்.

அதையே வீடியோவின் முதல் வாக்கியமாக வாயாலும் சொல்லுங்கள்: “ஆம்பூரில் நாங்கள் அளவெடுத்து புர்கா தைத்துத் தருகிறோம்.” பின்னணி இசை மட்டும் ஓடினால் சப்டைட்டிலில் தேடத்தக்க சொல் எதுவும் இருக்காது. தானாக வரும் சப்டைட்டில் ஊர்ப் பெயரையும் ‘நிதா’ என்ற துணிப் பெயரையும் தப்பாக எழுதிவிடலாம். யூடியூப் ஸ்டுடியோவில் நீங்களே திருத்துங்கள். டேக் பகுதியில் நேரத்தைச் செலவிட வேண்டாம். அதன் பங்கு மிகக் குறைவு என்று யூடியூபே சொல்கிறது.

இரண்டு வாரம் கழித்து அனலிடிக்ஸில் ‘YouTube search’ பகுதியைத் திறந்தால், என்ன தேடி வந்தார்கள் என்று தெரியும். ‘புர்கா கட்டிங்’ என்று இருந்தால் வந்தவர்கள் தையல் கற்க வந்தவர்கள். அப்போது தலைப்பில் ‘ஆர்டர்’ என்ற சொல்லையும் சேர்த்துப் பாருங்கள்.