ராத்திரியை இரண்டாக வெட்டினோம்

"இந்தத் தடவை நீ, அடுத்த தடவை நான்" என்று முறை வைத்து எழுவதுதான் பிள்ளை பெற்றவர்கள் முதலில் செய்துபார்க்கும் ஏற்பாடு. பார்க்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே அறையில் படுத்திருக்கும்போது அழுகை இரண்டு பேர் காதிலும் விழும். இது யார் முறை என்று யோசிப்பதற்கே விழித்தாக வேண்டும். கடைசியில் எல்லாத் தடவையும் இருவருமே விழிக்கிறார்கள், ஒருவர் மட்டும் எழுந்து நடக்கிறார். விடிந்ததும் யார் அதிகம் எழுந்தது என்ற கணக்குச் சண்டை வேறு.

பெரியவர்களின் தூக்கம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாக ஓடுகிறது. உடம்பை மீட்டுத்தருகிற ஆழ்ந்த தூக்கத்தில் பெரும்பகுதி முதல் இரண்டு மூன்று சுற்றுகளிலேயே வந்துவிடும். அந்த நேரத்தில் ஒரு மணிக்கொருமுறை எழுப்பினால், மொத்த மணிக்கணக்கு சரியாக இருந்தாலும் தூங்கிய மாதிரி இருக்காது. 2014-இல் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் சிலரை எட்டு மணி நேரம் படுக்கவிட்டு நடுவில் நான்கு முறை எழுப்பிப் பார்த்தார்கள். மறுநாள் அவர்களின் மனநிலையும் கவனமும், நான்கு மணி நேரம் மட்டுமே தூங்கியவர்களைப் போலத்தான் இருந்தன. ஆகவே பங்கு பிரிக்க வேண்டியது எழும் தடவைகளை அல்ல, கடிகாரத்தை. உடையாத நான்கைந்து மணி நேரம் இவருக்கு ஒன்று, அவருக்கு ஒன்று.

எங்கள் வீடு வேளச்சேரியில் ஒரு படுக்கையறை ஃப்ளாட். அம்மா வந்து உடன் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பிய பிறகுதான் இந்த ஏற்பாட்டுக்கு வந்தோம். அதற்கு முன்னால் வந்திருக்கவும் முடியாது. பிறந்த குழந்தையின் எடை முதலில் சற்று இறங்கி, பத்து பதினான்கு நாட்களில் பிறந்த எடைக்குத் திரும்பும். அதுவரை இரண்டு மூன்று மணிக்கொருமுறை, தூங்கினாலும் எழுப்பிப் பால் கொடுக்கச் சொல்வார்கள். பால் சுரப்பு நிலைப்படவும் மூன்று நான்கு வாரம் பிடிக்கும். இரண்டும் ஆனபின் குழந்தை மருத்துவரிடம், "ராத்திரி ஒருவேளைப் பாலை எடுத்துவைத்து என் கணவர் கொடுக்கலாமா?" என்று கேட்டோம். எடை நன்றாக ஏறுகிறது, கொடுக்கலாம் என்றார்.

முதல் பங்கு ஒன்பது மணியிலிருந்து இரண்டு மணி வரை, பிள்ளை அவரிடம். இரண்டிலிருந்து ஏழு வரை என்னிடம். நான் முதல் பாதியில் தூங்குவது என்று முடிவெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஒன்றரை மாத வாக்கில் குழந்தைகளின் அழுகை உச்சத்தில் இருக்கும், அதுவும் பொழுது சாய்ந்த பிறகு. பகல் முழுக்கப் பிள்ளையோடு இருந்தவளுக்கு அந்த அழுகையைத் தாங்கத் தெம்பு இருக்காது. அதோடு, இந்த வயதில் குழந்தை தொடர்ந்து தூங்கும் நீளமான தூக்கம் பெரும்பாலும் ராத்திரியின் முதல் பகுதியில்தான் வரும். அந்த நேரத்தில் பாத்திரம் விளக்கி, துணி மடித்துக்கொண்டிருந்தால் கிடைக்க வேண்டிய ஒரே நல்ல தூக்கமும் போய்விடும். பாத்திரம் காலை வரை கிடக்கட்டும்.

ஒரு ராத்திரி எப்படிப் போகும் என்று சொல்கிறேன். எட்டே முக்காலுக்குப் பால் கொடுத்து முடிப்பேன். ஒன்பது மணிக்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். ஃபேன் முழு வேகத்தில், காதில் பஞ்சு, போன் ஹாலில். பிள்ளை ஹாலில் தனிப் படுக்கையில், மல்லாந்த நிலையில், தலையணையோ பக்கத்தில் துணிமூட்டையோ இல்லாமல். அவர் பக்கத்தில் பாய் விரித்துப் படுப்பார். தூளி இருந்தது, ஆனால் யாராவது விழித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும்.

பதினொன்றரை வாக்கில் பிள்ளை நெளிவான். இங்கே அவர் கற்றுக்கொண்டது, உடனே தூக்காமல் இருப்பது. கைக்குழந்தைகள் தூக்கத்திலேயே முனகும், முகம் சுளிக்கும், கால் உதறும், அரைக்குரலில் அழவும் செய்யும். அது விழிப்பு அல்ல. ஓரிரு நிமிடம் பார்த்தால் பாதித் தடவை அப்படியே அடங்கிவிடும். அடங்காமல் கையை வாய்க்குக் கொண்டுபோனால் பசி. அப்போது ஃப்ரிட்ஜிலிருந்து பாலை எடுத்து, வெந்நீர்க் கிண்ணத்தில் பாத்திரத்தை வைத்து இளஞ்சூடாக்குவார். மைக்ரோவேவில் வைக்கக்கூடாது, ஓரிடம் ஆறி ஓரிடம் கொதித்து நாக்கைச் சுட்டுவிடும். மேலே ஆடை மாதிரிப் பிரிந்து நிற்கும் கொழுப்பைப் பார்த்து முதல் நாள் "கெட்டுப்போச்சோ" என்று பயந்தார். லேசாகச் சுழற்றினால் கலந்துவிடும்.

கொடுத்தது பாலாடையில், சங்கு என்பார்களே, அதில்தான். பாட்டில் வேண்டாம் என்பதில் மருத்துவர் கண்டிப்பாக இருந்தார். கழுவிச் சுத்தம் செய்வதும் சங்கில் எளிது. பிள்ளையைப் பாதி நிமிர்த்தி மடியில் வைத்து, சங்கின் மூக்கைக் கீழுதட்டில் தொடவைத்துச் சாய்த்தால் பால் உதட்டுக்கு வந்து நிற்கும். பிள்ளை தானாக நக்கி உறிஞ்ச வேண்டும், வாய்க்குள் ஊற்றக்கூடாது. அறுபது, எழுபது மில்லி இறங்க இருபது நிமிடம் ஆகும். பிறகு தோளில் போட்டு ஏப்பம் வரும் வரை முதுகைத் தடவல். விளக்கு மங்கலாக, பேச்சே இல்லாமல். மலம் போயிருந்தால் ஒழிய டயப்பரையும் தொடுவதில்லை. பிள்ளை குடித்தது போக மிச்சமிருக்கும் பாலை எடுத்துவைத்து அடுத்த வேளைக்குக் கொடுக்க மாட்டோம்.

அந்த ஒருவேளைப் பாலை எங்கிருந்து எடுப்பது என்பதுதான் எல்லாரும் கேட்பது. காலையில் முதல் பால் கொடுத்து அரைமணி நேரம் கழித்து எடுத்தால் சுலபமாக வரும், அந்த நேரத்தில் பால் அதிகம். ஒரே மூச்சில் வராவிட்டால் மதியம் இன்னொரு தடவை எடுத்து, ஃப்ரிட்ஜில் ஆறவைத்த பிறகு முந்தைய பாலோடு சேர்க்கலாம். இருபத்தைந்து டிகிரிக்குள் இருந்தால் தாய்ப்பால் வெளியில் நான்கு மணி நேரம் தாங்கும் என்பார்கள். சென்னையில் அந்தக் கணக்கை நம்புவதற்கில்லை. எடுத்த உடனே மூடி போட்டு, நேரம் எழுதி, ஃப்ரிட்ஜின் உள்பக்கம் வைத்துவிடுவேன், கதவில் அல்ல. அன்றைய பால் அன்றைக்கே.

பால் எடுப்பது ஒத்துவராதவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. ஒன்பதிலிருந்து இரண்டுக்குள் பசி வந்தால் அவர் பிள்ளையைத் தூக்கிவந்து படுத்திருக்கும் அம்மாவின் பக்கத்தில் விட்டு, பால் முடியும் வரை விழித்து உட்கார்ந்து, திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். ஏப்பம், டயப்பர், தூங்கவைப்பது எல்லாம் அவர் பாடு. முழுத் தூக்கம் இல்லைதான். ஆனாலும் ஒன்றரை மணி நேர விழிப்பு கால் மணி நேரமாகக் குறைந்துவிடும்.

முதல் சில ராத்திரிகள் எனக்கு ஒரு மணிக்கே மார்பு கனத்து வலி எடுத்தது. பால் கட்டிக்கொண்டது. அப்போது முழுதும் எடுத்துவிடாமல், வலி குறையும் அளவுக்கு மட்டும் கையால் பீய்ச்சிவிட்டுப் படுத்தேன். முழுதாக எடுத்தால் அந்த நேரத்துக்கு இன்னும் சுரக்கும். ஒரு வாரத்தில் உடம்பு பழகிக்கொண்டது. ஓரிடம் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அது வேறு விஷயம், மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இரண்டு மணிக்கு அவர் வந்து காலைத் தொட்டு எழுப்புவார். பேசிக்கொள்வதில்லை. ஹாலில் ஒரு சிலேட்டில் "11.40, 65 மில்லி, ஒன்றுக்கு" என்று எழுதியிருப்பார். நான் முகம் கழுவி, ஐந்து நிமிடம் நடந்த பிறகுதான் பிள்ளையைக் கையில் வாங்குவேன். தூக்கக் கலக்கத்தோடு சோபாவில் சாய்ந்து பால் கொடுப்பதுதான் இருப்பதிலேயே ஆபத்து. கண் சொக்கினால் பிள்ளை பிடியிலிருந்து நழுவி மெத்தை இடுக்கில் போய்விடும். அவரிடமும் அதையே சொல்லியிருந்தேன்: "ஏங்க, கண்ணு சொக்குச்சுன்னா என்னை எழுப்புங்க. பரவாயில்லை."

ஏற்பாடு உடைவது பெரும்பாலும் தூங்குகிறவரால்தான். உள்ளே படுத்துக்கொண்டு, "ஏன் இன்னும் அழுகிறான், சரியாகப் பிடிக்கிறாரா" என்று காதை நீட்டிக்கொண்டிருப்பது. இரண்டு தடவை எழுந்துபோய் "கொடுங்க, நான் பாத்துக்கிறேன்" என்று வாங்கிவிட்டால், பிறகு அவருக்குத் தன் கையால் சமாதானப்படுத்தப் பழக்கமே வராது. சில ராத்திரி பிள்ளை நாற்பது நிமிடம் விடாமல் அழுதான். அவர் ஹாலுக்கும் பால்கனிக்கும் நடந்தார், அவ்வளவுதான். அப்படிப்பட்ட ராத்திரிகளுக்கு மறுநாள் பைக்கை விட்டுவிட்டுப் பறக்கும் ரயிலில் அலுவலகம் போவார். அதை நான் வற்புறுத்தியே செய்யவைத்தேன்.

நடுவில் திருநெல்வேலியிலிருந்து அத்தை வந்தார். மகன் நள்ளிரவில் சங்கோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவருக்கு மனசே ஆறவில்லை. "ஆம்பளப் புள்ளைய இப்படி ராத்திரி முழிக்க வைக்கியே, காலைல வேலைக்குப் போவாண்டாமா?" என்றார். "நானும் பகலெல்லாம் வேலைதான் பாக்கிறேன் அத்தை" என்றதற்குப் பதில் இல்லை. ஆனால் நான்காம் நாள் விடியற்காலை நாலரைக்கு ஹாலுக்கு வந்து, "நான் எப்படியும் இந்நேரத்துக்கு முழிச்சிருவேன், கொண்டா" என்று பிள்ளையை வாங்கிக்கொண்டார். நாலரைப் பாலைக் கொடுத்துவிட்டு நான் ஏழு வரை இன்னொரு தூக்கம் போட்டேன். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களை நள்ளிரவுக்கு இழுக்காமல், அவர்கள் தானாக விழிக்கும் அந்த விடியற்காலையைக் கேட்டுப்பாருங்கள். சந்தோஷமாகத் தருவார்கள்.

எல்லாம் சரியாக அமைந்தும், பிள்ளை ஹாலில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்க, அம்மா மட்டும் இருட்டில் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தால், அது இந்தப் பங்கு பிரிப்பால் தீர்கிற விஷயமல்ல. ஓரிரு ராத்திரி யாருக்கும் நேரும். ஒரு வாரத்துக்கு மேல் போய், கூடவே காரணமில்லாத அழுகை, படபடப்பு, பிள்ளை மேல் ஒட்டாத மனம் இருந்தால் பிரசவம் பார்த்த மருத்துவரிடம் அதை அப்படியே சொல்ல வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வு பலருக்கு இப்படித்தான் முகம் காட்டும். "தூங்க நேரம் கிடைத்தும் தூக்கம் வரவில்லை" என்ற அந்த ஒரு வரியைக் கணவர் சொன்னாலும் போதும்.

மூன்றாம் மாதத்துக்குப் பிறகு பிள்ளைக்கு ராத்திரி பகல் பிடிபட ஆரம்பித்தது. பதினொன்றரை விழிப்பு பன்னிரண்டரைக்குப் போனது, பிறகு ஒன்றுக்கு. நாங்களும் எல்லைக்கோட்டை அரைமணி அரைமணியாகத் தள்ளிக்கொண்டே போனோம்.