டிசம்பர் 15-க்கு முன் சாருக்கு எழுதும் கடிதம்

சென்னைக் கல்லூரி ஆசிரியர்களுக்கு டிசம்பரில் மூச்சுவிட நேரம் இருக்காது. செமஸ்டர் தேர்வு, விடைத்தாள் திருத்தும் முகாம், மழை விடுமுறையால் தள்ளிப்போன பரீட்சைகள் என்று எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் எம்.எஸ்., பிஎச்.டி. விண்ணப்பத்துக்குக் கெடு முடிவதும் இதே மாதத்தில்தான். டிசம்பர் 1, டிசம்பர் 15 என்ற தேதிகளை அடிக்கடி பார்க்கலாம். கிண்டியிலும் அடையாறிலும் மயிலாப்பூரிலும் இறுதியாண்டு படிக்கும் பிள்ளைகள் இந்த நாட்களில் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "சார் இன்னும் எல்ஓஆர் போடலை. எப்படி ஞாபகப்படுத்தறது?" ஆசிரியர் மேசைக்குப் பின்னால் நெடுங்காலம் உட்கார்ந்திருந்தவன் நான். அங்கிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

1. எழுதுவதற்கு முன் போர்ட்டலைத் திறந்து பாருங்கள். 1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தர் வேலைக்கு மனுப்போட்ட ராமானுஜன், மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த நற்சான்றைத் தம் மனுவோடு தாமே சேர்த்து அனுப்பினார். காகிதம் கையில் இருந்தது. இன்று கடிதம் உங்கள் கைக்கே வராது. பல்கலைக்கழகத்திலிருந்து பேராசிரியரின் மின்னஞ்சலுக்கு ஒரு லிங்க் போகும், அதில் அவர் நேரே ஏற்றுவார். அந்த லிங்க் போயிருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. பேராசிரியரின் பெயரைச் சேமித்தவுடன் சில போர்ட்டல்கள் அனுப்பிவிடும். கட்டணம் கட்டி விண்ணப்பத்தைச் சமர்ப்பித்த பிறகே அனுப்புகிற போர்ட்டல்களும் உண்டு. இந்த இரண்டாவது வகையில் மாட்டிக்கொண்டு, லிங்க்கே போகாத நிலையில், "சார் கண்டுக்கவே மாட்டேங்கறார்" என்று வருந்தும் பிள்ளைகள் உண்டு. மின்னஞ்சல் முகவரியில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் இதே கதைதான்.

2. மீதி எத்தனை என்று எண்ணுங்கள். பேராசிரியர் மறந்துவிட்டார் என்று நினைக்கும் இடங்களில், பெரும்பாலும் அவர் போட்டுவிட்டதாக நம்பிக்கொண்டிருப்பார். நீங்கள் ஆறு பல்கலைக்கழகங்களுக்குப் போட்டால் அவருக்கு ஆறு தனித்தனி லிங்க்குகள் வரும். பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். உங்களைப் போல இன்னும் பத்துப் பேருக்கும் அவர்தான் எழுதுகிறார் என்றால் அவர் பெட்டியின் நிலையை யோசித்துப் பாருங்கள். நான்கைப் போட்டுவிட்டு ஆறும் முடிந்தது என்று நினைப்பது மிகச் சாதாரணம். ஆகவே எது வந்தது, எது வரவில்லை என்பதைப் பெயரோடு சொல்வதுதான் கடிதத்தின் உயிர்.

3. கெடுவை நம் ஊர் நேரத்தில் சொல்லுங்கள். டிசம்பர் 15 இரவு 11:59, அமெரிக்கக் கிழக்குக் கரை நேரம் என்றால் நமக்கு 16-ஆம் தேதி காலை 10:29. மேற்குக் கரை என்றால் அன்று பிற்பகல் 1:29. இந்தக் கணக்கைப் பேராசிரியரிடம் விடாதீர்கள். நீங்களே போட்டு, ஒரு நாள் முன்னதாகக் கேளுங்கள்.

4. இப்போது கடிதம். டிசம்பர் 9, செவ்வாய் என்று வைத்துக்கொள்வோம். ஆறில் நான்கு வந்துவிட்டன, இரண்டு மீதி. நீங்கள் ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள். சாரம் இப்படி இருக்கட்டும். பொருள் வரியில் உங்கள் பெயர், "இரண்டு பரிந்துரைகள் மீதி", "டிசம்பர் 14" ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். உள்ளே:

"மதிப்பிற்குரிய சார், வணக்கம். ஐந்தாம் செமஸ்டரில் உங்களிடம் சிக்னல் ப்ராசஸிங் படித்தேன். இப்போது உங்கள் மேற்பார்வையில் இசிஜி ப்ராஜெக்ட் செய்கிறேன். அக்டோபரில் எனக்குப் பரிந்துரை தர ஒப்புக்கொண்டீர்கள். நான்கு பல்கலைக்கழகங்களுக்கு உங்கள் கடிதம் வந்து சேர்ந்துவிட்டது, மிக்க நன்றி. கீழே உள்ள இரண்டுக்கு மட்டும் இன்னும் வரவில்லை என்று போர்ட்டல் காட்டுகிறது. இரண்டுக்கும் கெடு 16-ஆம் தேதி காலை 10:29. ஞாயிறு 14-க்குள் முடிந்தால் பேருதவியாக இருக்கும். இரண்டு லிங்க்குகளையும் இன்று காலை மறுபடி அனுப்பச் செய்திருக்கிறேன், ஸ்பாமிலும் இருக்கக்கூடும். வியாழனன்று பதினொரு மணிக்குத் துறைக்கு வருகிறேன், ஏதாவது தேவையென்றால் அப்போது தருகிறேன்."

இதற்குக் கீழே இரண்டு பல்கலைக்கழகங்களின் பெயர், பாடப்பிரிவு, லிங்க் வந்த மின்னஞ்சலின் அனுப்புநர் பெயர், தலைப்பு. இந்தக் கடைசி விவரத்தை யாரும் எழுதுவதில்லை. பெட்டியில் தேடுகிறவருக்கு அதுதான் தேவை, ஏனென்றால் பல சமயம் அனுப்புநர் பெயரில் பல்கலைக்கழகம் இருக்காது, போர்ட்டல் நடத்தும் நிறுவனத்தின் பெயர்தான் இருக்கும்.

அந்தக் கடிதத்தில் இல்லாதவற்றையும் கவனியுங்கள். "என் எதிர்காலமே உங்கள் கையில்" என்ற வரி இல்லை. "பிஸியாக இருப்பீர்கள் என்று தெரியும்" என்ற நீண்ட மன்னிப்பு இல்லை. படித்து முடித்ததும் அவர் செய்ய வேண்டியது தெளிவாக இருக்கிறது, அது பத்து நிமிட வேலை என்றும் தெரிகிறது. பேராசிரியர்கள் அப்படிப்பட்ட கடிதத்தைத்தான் உடனே கவனிக்கிறார்கள்.

5. "நீயே எழுதிக் கொண்டுவா, கையெழுத்துப் போடறேன்" என்று சொல்லும் சார்களும் மேடம்களும் இருக்கிறார்கள். கெடு நெருங்கும்போது இது அதிகமாகக் கேட்கும். அப்போது முழுக் கடிதத்தை எழுதிக் கொடுக்காதீர்கள். ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள். எந்தப் பாடம், என்ன மதிப்பெண், ப்ராஜெக்டில் எந்தப் பகுதி உங்களுடையது, அவர் முன்னிலையில் நடந்த ஒரு சம்பவம். பதிவு செய்த இசிஜியில் மின்கம்பி இரைச்சல் 50 ஹெர்ட்ஸில் புகுந்ததை நீங்கள் கண்டுபிடித்து வடிகட்டியது அவருக்கு நினைவுக்கு வந்துவிட்டால், மீதியை அவரே எழுதுவார். வகுப்பில் முதல் ஐந்து பேருக்குள் ஒருவர், கடின உழைப்பாளி என்ற வாக்கியங்கள் எல்லாக் கடிதத்திலும் இருப்பவை. படிக்கும் குழுவுக்கு அவை எதையும் சொல்வதில்லை.

பேராசிரியர் பெயரில் ஒரு மின்னஞ்சலைத் திறந்து தாங்களே ஏற்றிவிடலாம் என்று யோசனை சொல்லும் கன்சல்டன்சிகளிடமிருந்து எழுந்து வாருங்கள். இது மோசடி. இடம் கிடைத்த பிறகு தெரியவந்தாலும் அனுமதி ரத்தாகலாம். கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுப்பதாக விண்ணப்பத்தில் பெரும்பாலோர் டிக் செய்திருப்பீர்கள். அந்த உரிமை 1974-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் ஒன்றிலிருந்து வருவது. டிக் செய்துவிட்டு நீங்களே எழுதினால் அந்த வாக்கும் பொய்யாகிவிடும்.

6. பதில் வரவில்லையென்றால் இரண்டு நாள் பொறுங்கள், பிறகு நேரில் போங்கள். லிங்க்கைத் தேடி எடுக்கும் வேலை ஸ்டாஃப் ரூமில் அவர் அருகில் நின்றால் சீக்கிரம் முடியும். ஹெச்ஓடிக்கு நகல் போடாதீர்கள். அதன் பிறகு கடிதம் வந்தாலும் மனம் வராது. 12-ஆம் தேதி வரை அசைவில்லை என்றால் உங்களை அறிந்த இன்னொரு ஆசிரியரை அணுகுங்கள். போர்ட்டலில் பெயரை மாற்றினால், முதல் பேராசிரியரிடம் அன்றே சொல்லிவிடுங்கள். விண்ணப்பத்தை மட்டும் கெடுவுக்குள் போட்டுவிட்டால், பரிந்துரையைச் சில நாள் தாமதமாக ஏற்கும் துறைகளும் உண்டு. அவர்களின் இணையதளத்தில் பாருங்கள், இல்லையேல் அட்மிஷன் அலுவலகத்துக்கு இரண்டு வரி எழுதிக் கேளுங்கள். அதைச் சாரிடம் சொல்ல வேண்டாம். கிடைத்த அவகாசம் உங்களுக்கான காப்பு.

7. கடிதம் வந்த அன்றே நன்றி சொல்லுங்கள். பிறகு மார்ச், ஏப்ரலில் முடிவுகள் வரும்போது, கிடைத்ததையும் கிடைக்காததையும் சேர்த்து அவருக்கு எழுதுங்கள். தான் எழுதிய கடிதம் என்ன ஆயிற்று என்று ஆசிரியருக்கு வேறு எவரும் சொல்வதில்லை.